மனநலச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ்: கிளெய்ம் எங்கே சறுக்குகிறது?

மனநலச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்று நினைத்து, பில்லைக்கூட வாங்கி வைக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. எல்லா ஹெல்த் பாலிசிகளும் 2022 அக்டோபர் 31க்குள் இதற்கு இணங்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் கெடு வைத்தது.

இதைக் கேள்விப்பட்டவர்கள் செய்யும் தவறு வேறு. வாராவாரம் போகும் கவுன்சலிங் ரசீதுகளைச் சேர்த்துவைத்து அனுப்புகிறார்கள், திரும்பி வருகிறது. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் சாதாரண பாலிசி பணம் தருமா? தராது. தெரபிக்கும் அதே கதைதான். அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சைக்கான ஓபிடி கவர் தனியாக எடுத்திருந்தால் மட்டும், அதில் சொன்ன தொகை வரை கிடைக்கும். மற்றபடி குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். பாலிசியில் 60 நாள் பின்சிகிச்சைச் செலவு உண்டு என்று வைத்துக்கொள்வோம். இருமுனையக் கோளாறுக்காக 12 நாள் அட்மிஷன். மார்ச் 1 அன்று டிஸ்சார்ஜ். ஏப்ரல் இறுதி வரை அதே நோய்க்கான டாக்டர் கட்டணம், மாத்திரைகளைக் கேட்கலாம். தெரபியும் வேண்டுமென்றால், அதை மனநல மருத்துவரே டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பது நல்லது. உளவியலாளரின் கட்டணத்தை ஏற்பார்களா என்பதைப் பாலிசியைப் படித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். மே மாதப் பில்லுக்கு எப்படியும் வழியில்லை.

சம்மரியில் 'அப்சர்வேஷன்', 'பரிசோதனைக்காக' என்று மட்டும் இருந்தாலும் சிக்கல். வெறும் பரிசோதனைக்கான அட்மிஷன் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. என்ன நோய், வீட்டில் வைத்துப் பார்க்க ஏன் முடியவில்லை, என்ன சிகிச்சை நடந்தது என்ற மூன்றும் அதில் வேண்டும். குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் தனி விலக்காக வைத்திருக்கின்றன. மறுவாழ்வு இல்லம் என்றால், பாலிசி சொல்லும் 'மருத்துவமனை' வரையறைக்குள் அது வருகிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மறைப்பது. பாலிசி எடுக்கும்போது "தூக்க மாத்திரைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அட்மிஷன் அன்று டாக்டர் கேட்க, அம்மா "மூணு வருஷமா மாத்திரை சாப்பிடுறான்" என்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். உண்மையைச் சொல்லியிருந்தால், ஏற்கெனவே இருந்த நோய்க்கான அதிகபட்சம் 36 மாதக் காத்திருப்போடு முடிந்திருக்கலாம். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே போகலாம்.

மறுப்பு வந்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், தமிழ்நாட்டுக்காரர்கள் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.