இ-சிம் நாள்கணக்கு எப்போது ஓடத் தொடங்குகிறது: ஊருக்கு வருபவர்கள் விடும் பிழைகள்

வற்றாப்பளைப் பொங்கலன்று காலை ஏழு மணி. முள்ளியவளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று அக்கா போனை உயர்த்திப் பிடித்து அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். "உங்கட டவர் சரியில்லையடா தம்பி, ஒண்டும் திறக்குதில்லை" என்றார். எனக்குப் பக்கத்திலேயே என் போனில் எல்லாம் நன்றாக ஓடியது. அக்காவின் திரையிலும் சிக்னல் கோடுகள் நிறைவாகவே இருந்தன. ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு படம்கூட இறங்கவில்லை.

டவரில் பிழை இல்லை. ரொறன்ரோவில் அவர் வாங்கி வந்த 15 நாள் இ-சிம் அன்று காலை ஆறரைக்கு முடிந்துவிட்டிருந்தது. காலம் முடிந்த இ-சிம்மும் பெரும்பாலும் சிக்னல் காட்டும். போன் டவரோடு இணைந்திருக்கும், டேட்டா மட்டும் போகாது. அதனால்தான் பலரும் எங்கள் ஊர் டவரைத் திட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். சிக்னல் நிறைய இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால், முதலில் யாருடையதாவது ஹொட்ஸ்பொட்டில் இணைந்து, இ-சிம் விற்றவரின் செயலியில் எத்தனை நாள் மிச்சம் என்று பாருங்கள். அந்தக் கணக்கு போனின் செட்டிங்ஸில் இருக்காது.

அக்கா 14 நாள் நிற்கத்தான் வந்தார். 15 நாள் பக்கேஜ் எப்படி முன்பே முடிந்தது? பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, வீட்டு வைஃபை இருக்கும்போதே செய்துவிடுவோம் என்று கியூஆர் குறியை ஸ்கேன் செய்து இ-சிம்மை நிறுவியிருக்கிறார். அதில் தவறில்லை. நிறுவுவதற்கு இணையம் வேண்டும், வந்திறங்கிய பிறகு அதற்கு அலைய முடியாது. ஆனால் அவர் வாங்கிய பக்கேஜின் விவரத்தில் validity starts upon installation என்று இருந்தது. நிறுவிய நொடியிலேயே நாள் ஓடத் தொடங்கிவிட்டது. ரொறன்ரோவில் சனி இரவு ஒன்பது என்றால் இங்கே ஞாயிறு காலை ஆறரை. அங்கிருந்து 15 நாளை எண்ணினால் பொங்கல் திங்கள் காலை ஆறரை. அவர் கட்டுநாயக்கவில் இறங்கியதே அடுத்த சனிக்கிழமை விடிய. கிட்டத்தட்ட ஆறு நாள், இலங்கை மண்ணை மிதிக்காமலே போய்விட்டது. 10 ஜிபியில் 6 ஜிபி மிச்சம் இருந்தது, அதுவும் சேர்ந்து போனது. நாள் முடிந்தால் மிச்சம் இருக்கும் டேட்டாவுக்கு மதிப்பில்லை.

நாள்கணக்கு தொடங்க மூன்று விதங்கள் உண்டு: வாங்கிய நேரத்தில், நிறுவிய நேரத்தில், முதன்முதலாக ஒரு நெட்வேர்க்கில் இணைந்த நேரத்தில். ஒரே கடையிலேயே பக்கேஜுக்குப் பக்கேஜ் இது மாறலாம். ஆகவே போன முறை எப்படி இருந்தது என்று நம்பி வாங்காதீர்கள். Activation policy என்று ஒரு வரி இருக்கும், காசு கட்டுமுன் அதைத் தேடிப் படியுங்கள். முதல் இணைப்பில் தொடங்கும் பக்கேஜுக்கும் ஒரு கெடு இருப்பது வழக்கம். வாங்கி இத்தனை நாளுக்குள் பாவிக்காவிட்டால் தானாகத் தொடங்கிவிடும், அல்லது செல்லாமல் போய்விடும். மூன்று மாதம் முன்பே மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அத்தான் வாங்கியது முதல் இணைப்பில் தொடங்குவது. அவருக்கு வேறு சிக்கல். இலங்கைக்கு மட்டுமான பக்கேஜ் என்றால் ரொறன்ரோவில் நிறுவினாலும் அது எந்த நெட்வேர்க்கையும் பிடிக்காது, No Service என்று சும்மா கிடக்கும். அவர் வாங்கியதோ பல நாடுகளுக்கும் சேர்த்து. தோஹாவில் விமானம் மாறும்போது விமானப் பயன்முறையை எடுத்தார், அது அங்கேயே இணைந்துவிட்டது. அவருக்கு ஒரு நாள்கூட நட்டமில்லை, இருந்தாலும் அந்தப் பட்டியலில் கனடாவும் இருந்திருந்தால் வீட்டிலேயே ஓடத் தொடங்கியிருக்கும். இப்படியான பக்கேஜை நிறுவியவுடன் ஐபோன் செட்டிங்ஸில் Turn On This Line என்பதை அணைத்து வைப்பதே பாதுகாப்பு. ரோமிங்கை மட்டும் அணைத்தால் போதாது. டேட்டா போகாவிட்டாலும் நெட்வேர்க்கில் பதிவாவதையே சில விற்பனையாளர்கள் முதல் இணைப்பாக எண்ணுகிறார்கள். கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகு அந்த லைனைப் போட்டு, அதற்கு மட்டும் Data Roaming-ஐயும் போட வேண்டும். ரோமிங் என்ற சொல்லுக்குப் பயந்து அதைப் போடாமல் விட்டால் இ-சிம் வேலை செய்யாது. கனடா சிம்மின் டேட்டா ரோமிங்தான் அணைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த சிம்மையே நிறுத்திவிட வேண்டாம். டேட்டா மட்டும் தரும் இ-சிம்முக்கு நம்பர் கிடையாது, வங்கி அனுப்பும் ஓடிபி பழைய நம்பருக்குத்தான் வரும்.

இனி ஹொட்ஸ்பொட். என்னைக் கேட்டால் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். மருமகன் லப்டொப்பில் வேலை செய்துகொண்டே லீவைக் கழிக்கலாம் என்று அன்லிமிடெட் பக்கேஜ் வாங்கி வந்திருந்தான். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி இங்கே மாலை ஆறரை. விளக்கு வைத்த கையோடு அவன் திண்ணையில் லப்டொப்பை விரித்தான். ஏழரை மணிக்குள் அவனது ஒன்லைன் அலுவலகக் கூட்டம் அறுந்துவிட்டது. போனில் வீடியோ தடையின்றி ஓடுகிறது, லப்டொப் மட்டும் அசையவில்லை. விதிமுறையைத் தேடிப் படித்தபோது, அன்லிமிடெட் என்பது போனுக்கு மட்டும், ஹொட்ஸ்பொட்டுக்கு நாளுக்கு 1 ஜிபிதான் என்று இருந்தது. வீடியோவோடு ஒரு மணி நேரக் கூட்டமே அதை ஏறக்குறைய தின்றுவிடும். அவன் கூட்டத்தில் இருந்தபோது விண்டோஸ் அப்டேட்டும் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் டேட்டா திரும்பும் என்று நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை காத்திருந்தான், வரவில்லை. அந்தப் பக்கேஜின் நாள் யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி மாறுவது. யுடிசி நள்ளிரவு நமக்கு விடியற்காலை ஐந்தரை. கோழி கூவும் நேரத்தில் ஹொட்ஸ்பொட் உயிர்பெற்றது, அப்போது ரொறன்ரோவில் இரவு எட்டு மணி, அலுவலகத்தில் யாரும் இல்லை. அடுத்த நாளிலிருந்து, அப்டேட் பின்னால் இறங்காமல் இருக்க லப்டொப்பில் அந்த வைஃபைக்கு Metered connection என்பதைப் போட்டோம், கூட்டங்களில் கமராவை அணைத்து குரலோடு மட்டும் இருந்தான். குரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு 100 எம்பிகூடப் போவதில்லை. அந்த 1 ஜிபி வேலை முடியும்வரை தாங்கியது.

எங்கே அடைப்பு என்று இப்படிக் கண்டுகொள்ளலாம். போன் ஓடி லப்டொப் மட்டும் நின்றால் ஹொட்ஸ்பொட் அளவு முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஊர்ந்தால், அன்றைய அதிவேக அளவு முடிந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். ஹொட்ஸ்பொட் பொத்தானே காணாமல் போயிருந்தால், ஐபோனில் Cellular Data Network பக்கத்தின் அடியில் Personal Hotspot என்ற பகுதியில் APN வெறுமையாக இருக்கிறதா பாருங்கள். மேலே உள்ள அதே பெயரை அங்கும் எழுதினால் பல வேளை வந்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் அந்தப் பக்கேஜில் ஹொட்ஸ்பொட்டுக்கு அனுமதியே இல்லாதிருக்கலாம். குடும்பத்துக்கு ஒரு பெரிய பக்கேஜ் எடுத்து எல்லோரும் ஹொட்ஸ்பொட்டில் பங்கிடலாம் என்று நினைப்பவர்கள், விவரத்தில் ஹொட்ஸ்பொட்டைக் குறிக்கும் tethering என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்குமுன் பார்த்து, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது நல்லது.

அக்கா அன்று என் ஹொட்ஸ்பொட்டில் இணைந்துதான் புதிதாக 7 நாள் பக்கேஜ் ஒன்று வாங்கினார். காலம் முடிந்த பழையதில் மேலதிக டேட்டா சேர்க்க அந்த விற்பனையாளர் விடவில்லை. இந்த முறை முதல் இணைப்பில் தொடங்குவதா என்று வாசித்துப் பார்த்தே காசு கட்டினார். கோயிலுக்குப் புறப்பட்டபோது பத்து மணி தாண்டிவிட்டது.