மூலைவிட்டத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழையை, ஆதிப்புள்ளி எந்த வகை என்று கேட்கும் இந்தக் கணக்கிலேயே காட்டிவிடலாம்.

x' = −x + 3y, y' = 2x − 2y

அணியின் மூலைவிட்டத்தில் −1, −2 இருக்கின்றன. இரண்டும் குறை எண்கள், ஆகவே ஆதிப்புள்ளி நிலையான கணு என்று எழுதிவிடுகிறார்கள். 2×2 அணிகளில், மூலைவிட்ட எண்களே ஐகன் மதிப்புகளாவது முக்கோண அணிகளில்தான். இங்கே சுவடு −3, அணிக்கோவை 2 − 6 = −4. சிறப்புச் சமன்பாடு λ² + 3λ − 4 = 0; தீர்வுகள் 1, −4. குறிகள் வேறுபடுவதால் இது சேணப்புள்ளி, நிலையற்றது. அணிக்கோவை குறை எண் என்று தெரிந்ததுமே இதைச் சொல்லியிருக்கலாம்.

கணினியில் வரைந்து பார்ப்பவர்களும் இதே கணக்கில் ஏமாறுவதுண்டு. −4-க்கான ஐகன் திசை (1, −1). அதை ஒட்டி (1, −0.99)-இல் தொடங்குங்கள். t = 1 ஆகும்போது ஆதியிலிருந்து தூரம் வெறும் 0.035. அங்கே வரைபடத்தை நிறுத்தினால் 'நிலையானது' என்றுதான் தோன்றும். ஆனால் தொடக்கப் புள்ளியில் 1-க்கான ஐகன் திசையின், அதாவது (3, 2)-இன், பங்கு 0.002 அளவுக்கு ஒளிந்திருக்கிறது. அது e^t வேகத்தில் வளர்ந்து, t = 7-இல் புள்ளியை (6.6, 4.4) அருகே கொண்டுபோய் விட்டுவிடும்.

முதல் சமன்பாட்டின் 3y-இல் உள்ள 3-ஐ 0.5 ஆக்குங்கள். இப்போது λ = −0.38, −2.62. இதுதான் உண்மையான நிலையான கணு. படம் வரையும்போது, −2.62 அளவில் பெரிய எண் என்பதால் பாதைகள் அதன் திசையில் ஆதிக்குள் நுழைவதாகப் போட்டுவிடுகிறார்கள். நடப்பது தலைகீழ். வேகமாகத் தேயும் பகுதி முதலில் காணாமல் போகும். எஞ்சுவது மெதுவான பகுதி. −2.62-இன் கோட்டிலேயே தொடங்கியவை தவிர, மற்ற எல்லாப் பாதைகளும் −0.38-இன் கோடான y = 1.24x-ஐத் தொட்டபடிதான் ஆதியை நெருங்கும்.

அதே இடத்தில் −3 போட்டால் λ = −1.5 ± 2.4i, நிலையான சுருள். உள்ளே வருமா வெளியே போகுமா என்பதை மெய்ப்பகுதியின் குறி சொல்லிவிடும். சுற்றும் திசையை ± சொல்லாது. கலப்பு ஐகன் மதிப்புகள் எப்போதும் இணையாகவே வருகின்றன. (1, 0)-இல் திசைவேகத்தைப் பாருங்கள்: (−1, 2). மேல்நோக்கி இருப்பதால் சுற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். பழைய அணியில் 3-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 2-ஐ −2 ஆக்கினாலும் ஐகன் மதிப்புகள் அதேதான். ஆனால் (1, 0)-இல் திசைவேகம் (−1, −2). சுருள் கடிகாரத் திசையில் சுற்றும்.