தாய் மெழுகுக்கு வெளியே ஆர்டர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பதால் பகலில் சார்ட் பார்க்க முடியாது. இரவில் டெய்லி சார்ட் பார்த்து, காலையில் ஆர்டர் போடுவேன். முந்தைய நாளின் பெரிய மெழுகுக்குள், அதாவது தாய் மெழுகுக்குள், முழுதும் அடங்கி நிற்கும் இன்சைடு பாரின் உச்சிக்கு மேல் வாங்கினால் ஸ்டாப்லாஸ் அடிக்கடி அடிபட்டது. ஒரு பங்கில் தாய் மெழுகு 818 முதல் 842 வரை, அதற்குள் இன்சைடு பார் 824 முதல் 838 வரை. 838-ஐத் தாண்டி 840 போன விலை, 821-க்கு இறங்கியது. தாயின் எல்லையை அது எந்தப் பக்கமும் உடைக்கவில்லை. சுருக்கம் இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வாங்கும் ட்ரிக்கர் 843, லிமிட் 845, ஸ்டாப்லாஸ் 817. கேப்பில் 850-க்குத் திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும், அது நல்லதுதான். லிமிட்டான 845-இல் வாங்கினால் ஸ்டாப் தூரம் 28 ரூபாய் என்பதால், 2,800 ரூபாய் வரை இழக்கலாம் என்றால் 100 பங்குதான். விலை முதலில் 817-க்குக் கீழே போனால் வாங்கும் ஆர்டரை ரத்து செய்துவிடுவேன்.

இன்சைடு பார் போலவே தோன்றும் ஹராமி அமைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டாவது மெழுகின் உடல் தாயின் உடலுக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். இரண்டாவது மெழுகின் திரி தாயின் உச்சியைத் தாண்டி 844-இல் நிற்கலாம். அப்போது 843-இல் வாங்குவதில் அர்த்தமில்லை, ட்ரிக்கரை 845-க்கும் லிமிட்டை 847-க்கும் ஏற்றிவிடுவேன். ஸ்டாப் தூரம் கூடும், அதனால் வாங்கும் பங்கு எண்ணிக்கை குறையும். தாய் மெழுகே வழக்கத்தைவிட ரொம்பப் பெரிதாக, ரிசல்ட் அன்று வந்ததாக இருந்தால் தொடுவதில்லை. ஸ்டாப் எங்கோ போய்விடும்.