மூன்று மதிப்பெண் விடையை வாரா வாரம் எழுதிப் பழகுவது எப்படி?

குறுவிடையில் திருத்துபவர் கண் முதலில் தேடுவது முக்கியச் சொற்களைத்தான். அவை இல்லாமல் அரைப் பக்கம் நிரப்பினாலும் மதிப்பெண் பெரிதாக ஏறாது. ஒரு கேள்வியை வைத்தே பார்ப்போம்: "அனிச்சை வில் என்றால் என்ன? படத்துடன் விளக்குக."

திங்கள்: சொற்களைப் பொறுக்குங்கள்

பாடத்தைப் படித்துவிட்டு, எவை இல்லாவிட்டால் விடை நிற்காதோ அந்தச் சொற்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். இந்தக் கேள்விக்கு: உணர்வேற்பி, உணர்ச்சி நரம்பு செல், தண்டுவடம், கடத்தும் நரம்பு செல், இயக்க நரம்பு செல், தசை. தூண்டல் போகும் வழியும் இதே வரிசைதான். அதனால் வரிசை நினைவிருந்தால் பாதி விடை கையில் இருக்கிறது.

புதன்: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், படம் தனி. ஒரு வாக்கியத்துக்கு ஒன்றிரண்டு முக்கியச் சொற்கள் போதும்:

"அனிச்சைச் செயலில் தூண்டல் செல்லும் பாதையே அனிச்சை வில். சூடான பொருளைத் தொட்டதும் தோலில் உள்ள உணர்வேற்பி வெப்பத்தை உணர்கிறது. உணர்ச்சி நரம்பு செல் தூண்டலைத் தண்டுவடத்துக்குக் கொண்டு செல்கிறது. அங்கே கடத்தும் நரம்பு செல் அதை இயக்க நரம்பு செல்லுக்கு மாற்றுகிறது. தசை சுருங்கி, கை விலகுகிறது."

பலர் இங்கே 'மூளை கட்டளையிடுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். கையை விலக்கும் கட்டளை தண்டுவடத்திலிருந்தே வருகிறது. மூளைக்குத் தகவல் போவது தனி.

அடிக்கோடு எழுதி முடித்த பிறகுதான். பென்சில், ஸ்கேல் வைத்து, திங்களன்று பொறுக்கிய சொற்களுக்கு மட்டும் போடுங்கள். முழு வாக்கியத்துக்கும் கோடு போட்டால் எது முக்கியம் என்றே தெரியாது.

வெள்ளி: படம் மட்டும்

பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்டுவடத்தின் குறுக்குவெட்டு, அப்புறம் தோலும் தசையும், கடைசியில் நரம்பு செல்கள். உணர்ச்சி நரம்பு செல் தண்டுவடத்தின் முதுகுப் பக்கமாக உள்ளே நுழையும்; இயக்க நரம்பு செல் வயிற்றுப் பக்கமாக வெளியேறும். இந்த இரண்டும் இடம் மாறினால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறுதான்.

தூண்டல் போகும் திசைக்கு மட்டும் அம்புக்குறி. பாகம் குறிக்கும் கோடுகளுக்கு அம்பு வேண்டாம், இரண்டும் குழம்பிவிடும். அந்தக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டாமல், பெயர்கள் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். நிழலிடத் தேவையில்லை.

ஞாயிறு: திருத்துங்கள்

புதன் விடையையும் வெள்ளிப் படத்தையும் பாடப்புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். விடையில் எழுதிய பெயரும் படத்தில் குறித்த பெயரும் ஒன்றுதானா என்று கட்டாயம் பாருங்கள். விட்டுப்போன சொல்லை வட்டமிட்டு, அடுத்த திங்கள் பட்டியலின் தலையில் எழுதிவிட்டுப் புதுக் கேள்விக்குப் போகலாம்.