கிரியேட்டினும் 800 கிராமும்: என் அனுபவம்

வியாசர்பாடியில் வளர்ந்தவள் நான். 100 மீட்டர் ஓடுகிறேன். பயிற்சியில் 60 மீட்டரை ஆறு முறை ஓடினால், நான்காவதிலேயே கால் கனத்துவிடும். தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும் கிரியேட்டின் பொடியை எடுக்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"போட்டி நேரத்தில் வேண்டாம்மா. எடை ஏறினால் சுமந்து ஓட வேண்டியவள் நீ. டப்பாவில் வேறு ஏதாவது கலந்திருந்தால் தடையும் உனக்குத்தான்."

ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லையே என்று வாதாடினேன். அவர் பயந்தது கிரியேட்டினுக்கு அல்ல, டப்பாவுக்கு என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. சிறுநீர் மாதிரியில் தடைப்பொருள் இருந்தால், எப்படி வந்ததென்று தெரியாது என்பது பதிலாகாது. தண்டையார்பேட்டைக் கடையில் பார்த்து வைத்திருந்த மலிவு டப்பாவை விட்டுவிட்டேன்.

போட்டிகள் முடிந்தபின், தடைப்பொருள் சோதனைக்கு உட்பட்ட கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்கினேன். டப்பாவின் தொகுதி எண் சோதனைச் சான்றிலும் இருக்கிறதா என்று பார்த்தேன். இது ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. முதல் வாரம் தினமும் 20 கிராம் திணிக்கும் முறையை விட்டு, 3 கிராம் மட்டும் எடுத்தேன். தசையில் கிரியேட்டின் முழுதாக நிரம்ப நான்கு வாரமாகும். ஆனால் எடை திடீரென ஏறாது. அம்மா கஞ்சியில் கலக்கித் தந்தார், முகத்தைச் சுளித்தபடி.

ஆறாவது வாரம் எடை 800 கிராம் கூடியிருந்தது, பெரும்பாலும் தசையில் சேர்ந்த தண்ணீர். ஆறு 60 மீட்டரில் முதல் ஓட்டத்தின் நேரம் மாறவில்லை. கடைசி ஓட்டத்தில் மட்டும் வேகம் முன்புபோல் சரியவில்லை.

"100 மீட்டர் நேரம் குறைந்ததா?" என்றார் பயிற்சியாளர்.

"இல்லை சார்."

"அதையும் நோட்டில் எழுது."