பஸ் திரும்பினால் வசனம் ஏன் இடது காதுக்கு ஓடுகிறது? இயர்பட்டில் ஸ்பேஷியல் ஆடியோவைச் சரியாக அமைக்கும் முறை

சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறி ஈப்போ போய்ச் சேரும்வரை கைப்பேசியில் படம் பார்க்கிறவர்கள் உண்டு. புது இயர்பட் வாங்கிய சிலருக்கு அந்தப் பயணத்தில் ஒரு விநோதம் நேரும். பஸ் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பியதும் கதாநாயகனின் பேச்சு இடது காதுப் பக்கம் நகர்ந்துவிடும். சிறிது நேரத்தில் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். இயர்பட் பழுதில்லை, கடையில் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும் உணரி, பஸ் திரும்பியதைத் தலை திரும்பியதாக எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பேஷியல் ஆடியோ வேறு, ஹெட் டிராக்கிங் வேறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே விற்கப்படுவதால் ஒன்றென்று நினைக்கிறோம். முதலாவது, ஒலி காதுக்கு வெளியே ஓர் இடத்திலிருந்து வருவதுபோல் காட்டும் வேலை. இரண்டாவது, தலை திரும்பினாலும் அந்த இடம் நகராமல் பிடித்துவைக்கும் வேலை.

காது திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது

வலப்பக்கம் ஒருவர் கைதட்டினால் அந்த ஓசை வலக்காதுக்கு முதலில் போகும். தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போகக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, சுமார் 0.65 மில்லிவினாடிதான். ஆனாலும் மூளை அதைப் பிடித்துவிடும். கூடவே, தலை மறைப்பதால் தூரத்துக் காதில் கூர்மையான ஓசைகள் மங்கும். காது மடலின் மேடு பள்ளங்களும் மேலிருந்து வரும் ஒலி, கீழிருந்து வரும் ஒலி ஒவ்வொன்றின் நிறத்தையும் வேறுவிதமாக மாற்றும்.

இயர்பட் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒலி தலையையும் மடலையும் சுற்றி வருவதில்லை. ஆகவே கைப்பேசியோ இயர்பட்டோ கணக்குப் போட்டு, அந்தத் தாமதத்தையும் மங்கலையும் நிறமாற்றத்தையும் செயற்கையாகச் சேர்க்கிறது. 5.1 ஒலியில் வந்த படமென்றால், தலையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் நிற்பதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஒலியையும் இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கணக்கிடும். பாஸ் ஒலிக்கு மட்டும் திசை தேவையில்லை.

இதில் ஓர் ஓட்டை உண்டு. நேர் முன்னாலிருந்து வரும் ஒலியும் நேர் பின்னாலிருந்து வரும் ஒலியும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் சேரும். நிஜ வாழ்க்கையில் நாம் தலையைக் கொஞ்சம் அசைத்துத்தான் தீர்மானிக்கிறோம். தலையை வலப்பக்கம் திருப்பினால், முன்னாலிருக்கும் ஒலி இடக்காதுக்கு முந்தும். பின்னாலிருக்கும் ஒலி வலக்காதுக்கு முந்தும். இயர்பட்டில் தலையோடு ஒலியும் சேர்ந்தே திரும்புவதால் இந்தத் துப்பு கிடைக்காது. முன்னால் நிற்க வேண்டிய பேச்சு மண்டைக்குள்ளேயே கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஹெட் டிராக்கிங் நிரப்புவது இந்த ஓட்டையைத்தான்.

படி 1: உங்கள் இயர்பட்டில் உணரி இருக்கிறதா

பாசார் மாலாமில் கிடைக்கும் மலிவான ஜோடிகளின் பெட்டியில்கூட 360 என்று அச்சடித்திருக்கும். பெட்டியை நம்ப வேண்டாம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியை மேசைமேல் நேர் எதிரே நிறுத்தி, யாராவது தொடர்ந்து பேசும் ஒரு காட்சியை ஓட விடுங்கள். அமைப்பில் ஹெட் டிராக்கிங் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் இடப்பக்கம் நன்றாகத் திருப்புங்கள். பேச்சு கைப்பேசி இருக்கும் பக்கமே நின்று, வலக்காதில் ஓங்கிக் கேட்டால் உணரி வேலை செய்கிறது. தலையோடு பேச்சும் வந்துவிட்டால் ஹெட் டிராக்கிங் இல்லை, அல்லது அணைந்திருக்கிறது. எந்த அமைப்பிலும் அப்படித்தான் என்றால், பெட்டியில் 360 என்று போட்டிருந்தாலும் அந்த ஜோடி தலையைத் தொடராது.

படி 2: சுவிட்சைக் கண்டுபிடிப்பது

ஏர்பாட்ஸ் இணைந்த ஐபோனில் கன்ட்ரோல் சென்டரைத் திறந்து ஒலியளவுப் பட்டையை அழுத்திப் பிடித்து, கீழே வரும் `Spatial Audio` அல்லது `Spatialize Stereo` பொத்தானைத் தொட்டால் `Off`, `Fixed`, `Head Tracked` என மூன்று தேர்வுகள் வரும். `Fixed` என்பது ஸ்பேஷியல் மட்டும், தலையைத் தொடராது. ஆண்ட்ராய்ட் கைப்பேசிகள் பலவற்றில் `Connected devices` பகுதியில் இயர்பட்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் `Spatial audio`, `Head tracking` இரண்டும் தனித்தனியாக இருக்கும். சாம்சுங் ஜோடியென்றால் `Galaxy Wearable` செயலியில் `360 audio` என்ற பெயரில் தேடுங்கள்.

போட்டும் ஒன்றும் மாறவில்லையா? அணுகல் வசதிகளில் `Mono audio` போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்கும் பழக்கமுள்ளவர்கள் எப்போதோ போட்டு மறந்திருப்பார்கள். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் திசை என்று ஒன்று மிஞ்சாது. ஒரு பக்க ரப்பர் முனை சரியாக அடைக்காவிட்டாலும் அந்தப் பக்கம் பாஸ் கசிந்து, குரல் எதிர்ப்பக்கம் சாயும்.

படி 3: பஸ் சோதனை, வீட்டிலேயே

பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று ஒரு திருப்பத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இயர்பட்டுக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப், தலை வினாடிக்கு எத்தனை டிகிரி சுழல்கிறது என்பதை மட்டும் அளக்கும். சுழல்வது கழுத்தா, இருக்கையா, பஸ்ஸா என்று அதற்குத் தெரியாது. பஸ் ஆறு வினாடியில் 90 டிகிரி வலப்பக்கம் திரும்பினால், உணரி பார்ப்பது வினாடிக்கு 15 டிகிரி சுழற்சி. ஒலியை நகராமல் பிடித்துவைக்க வேண்டும் என்பதே அதற்கு இட்ட கட்டளை. ஆகவே பேச்சைப் பழைய முன்பக்கத்திலேயே விட்டுவிடும். திருப்பம் முடியும்போது பழைய முன்பக்கம் உங்கள் இடத்தோள்மேல் இருக்கும்.

பிறகு ஏன் நடுவுக்குத் திரும்புகிறது? தலை புதிய திசையிலேயே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், அதுதான் இனி முன்பக்கம் என்று மென்பொருள் முடிவு செய்துகொள்ளும். இது பஸ்ஸுக்காகச் செய்த வசதி இல்லை. ஜைரோஸ்கோப்பில் சின்னப் பிழை எப்போதும் இருக்கும். வினாடிக்கு அரை டிகிரி பிழை என்று வைத்துக்கொண்டால்கூட, அது சேர்ந்து சேர்ந்து ஒரு நிமிடத்தில் 30 டிகிரி ஆகிவிடும். புவியீர்ப்பை வைத்துத் தலை மேலும் கீழும் சாய்வதைத் திருத்தலாம். இடம் வலம் திரும்புவதைத் திருத்த அது உதவாது. அதனால்தான் அவ்வப்போது நடுவை மாற்றிக்கொள்கிறது.

பஸ் சிக்கலுக்கு உண்மையான தீர்வு, கைப்பேசியிலுள்ள உணரியையும் சேர்த்துப் பார்ப்பது. பஸ் திரும்பும்போது கையிலுள்ள கைப்பேசியும் அதே 90 டிகிரி திரும்பும். இரண்டையும் கழித்தால் பூஜ்யம். பேச்சு திரையிலேயே நிற்கும். ஏர்பாட்ஸில் ஐபோன் வழியாகப் படம் பார்க்கும்போது இந்த ஒப்பீடு நடக்கிறது. எல்லா ஜோடியிலும் இது இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுடையதைச் சோதிக்க, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கால் பாதத்தால் உந்தி முழு உடம்போடு 90 டிகிரி சட்டென்று திரும்புங்கள். பேச்சு திரையோடு வந்தால் பஸ்ஸிலும் வரும். பக்கவாட்டில் நழுவினால், உங்கள் ஜோடி தலையை மட்டுமே பார்க்கிறது. பஸ் ஏறுமுன் ஹெட் டிராக்கிங்கை அணைத்து ஸ்பேஷியலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் திரும்பினால் நடுவை மாற்றும் வேலை குறுக்கே வந்து சோதனையைக் கெடுத்துவிடும்.

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு, தோட்டச் சாலையில் நடந்தாலும் சரி, பஸ்ஸில் போனாலும் சரி, ஹெட் டிராக்கிங்கால் பயனே இல்லை. பார்க்கத் திரை இல்லாதபோது பாடகர் ஏன் ஓரிடத்தில் நிற்க வேண்டும்?

படி 4: தாமதத்தைக் கவனிப்பது

வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போதும் சில ஜோடிகள் எரிச்சலூட்டும். தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். பேச்சு கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் பின்னால் தாமதித்து வந்தால், கணக்கு கைப்பேசியில் நடக்கக்கூடும். தலையசைவு புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குப் போய், ஒலி மாற்றப்பட்டு, மறுபடி புளூடூத் வழியாகத் திரும்பி வர வேண்டும். மொத்தத் தாமதம் 200 மில்லிவினாடி என்றும், தலை வினாடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒலி 20 டிகிரி பின்தங்கும். அது காதுக்கு நன்றாகவே தெரியும். கைப்பேசியில் குறைந்த தாமத அமைப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் `Fixed` போதும்.

எதற்குப் போடலாம், எதற்கு வேண்டாம்

5.1 அல்லது டால்பி அட்மோஸ் ஒலியில் வரும் படத்தை வீட்டில் அமைதியாகப் பார்ப்பதென்றால் இரண்டையும் போடுங்கள். இந்தத் தொழில்நுட்பம் அதற்காகவே பிறந்தது. ஐபோனில் அந்த ஒலியளவுப் பகுதி `Spatialize Stereo` என்று காட்டினால், மூலம் வெறும் ஸ்டீரியோ. மென்பொருள் தானாக விரித்துக் காட்டுகிறது.

ஸ்டீரியோ பாட்டுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒலிப்பதிவாளர் தபேலாவை இடப்பக்கமும் வயலினை வலப்பக்கமும் வைத்துக் கவனமாகக் கலந்ததை, இல்லாத ஓர் அறையின் எதிரொலியில் முக்கி எடுப்பதாகிவிடும். குரல் உள்ளொடுங்கி, பாஸ் தளர்ந்து போகும். 1950, 60களின் பாடல்கள் பெரும்பாலும் மோனோ. விரிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மின்னல் எஃப்.எம். செய்திக்கும், திருவிழாவில் யாரோ கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய உறுமி மேளத்துக்கும் இதே கதைதான். அணைத்துவிட்டால் மேளத்தின் அடி மறுபடி நறுக்கென்று விழும், பேட்டரியும் கொஞ்சம் மிஞ்சும்.

கைப்பேசி விளையாட்டுகளில் வேறொரு பொறி இருக்கிறது. சில விளையாட்டுகள் ஹெட்போனுக்கென்று முப்பரிமாண ஒலியைத் தாங்களே கணக்கிட்டு அனுப்பும். அதன்மேல் கைப்பேசியும் ஸ்பேஷியல் போட்டால், ஏற்கெனவே மடல் வடிகட்டிய ஒலி இன்னொரு முறை வடிகட்டப்படும். பின்னால் வரும் காலடி ஓசை எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் குழம்பும். விளையாட்டின் அமைப்பில் ஹெட்போன் முப்பரிமாண ஒலி இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கைப்பேசியில் உள்ளதை `Off` செய்யுங்கள்.

எல்லாம் சரியாக அமைத்தும் பேச்சு திரையில் நிற்காமல் நெற்றிக்கு மேலே கேட்கிறதா? கணக்கு பொதுவான ஒரு காது மடலுக்குப் போட்டது. உங்கள் மடல் அதிலிருந்து வெகுவாக மாறுபடலாம். ஐஓஎஸ் 16 முதல், ஐபோனின் முன்கேமராவில் முகத்தையும் இரண்டு காதுகளையும் காட்டித் தனிப்பட்ட அளவு எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இயர்பட் இணைந்திருக்கும்போது அதன் அமைப்புப் பக்கத்தில் `Personalized Spatial Audio` என்று தேடுங்கள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, வெளிச்சமான இடத்தில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் குரல் மேலேயே நின்றால், வசனம் அதிகமுள்ள படங்களுக்கு ஸ்பேஷியலை அணைத்துவிட்டு ஸ்டீரியோவிலேயே பாருங்கள்.