கிறீம் வேலை செய்யுதா எண்டு கண்ணாடி சொல்லாது, கிழமைக்கு ஒரு படம் எடுங்க

பருவுக்கு இரவில பூசுற அடாபலீன் 0.1% ஜெல்லை நான் தொடங்கி மூண்டாம் கிழமை, கல்லடியில எங்கட வீட்டுக்கு வந்த மாமி முகத்தைப் பார்த்து "என்னகா இது, கூடிட்டே" எண்டா, அண்டைக்கே ட்யூப்பை எறியப் பார்த்தன். கொப்பியில எழுதி வச்சிருந்ததாலதான் தப்பிச்சன்.

முதல் படத்தை மருந்து தொடங்க முந்தியே எடுத்திடுங்க, அது இல்லாட்டி மறுகா எதோட ஒப்பிடுறது? ஞாயிறு காலையில முகம் கழுவி இருபது நிமிஷம் விடுங்க, கழுவின சூட்டுச் சிவப்பு இறங்கட்டும். போனை ஒரு மேசையில சாய்ச்சு வச்சு, பின் கமெராவில டைமர் போட்டு, பியூட்டி எல்லாம் ஓஃப் பண்ணிட்டு எடுங்க. நேர ஒண்டு, ரெண்டு கன்னமும் ஒவ்வொண்டு, மூண்டு படம் போதும். நிக்கிற இடத்தில தரையில டேப் ஒட்டினா தூரம் மாறாது.

வெளிச்சம்தான் ஆளை ஏமாத்துற சாமான். மார்கழி மழையில ஜன்னல் இருண்டு கிடந்த கிழமை என்ட கன்னம் மெழுகு மாதிரி விழுந்திச்சு, நானும் சந்தோஷப்பட்டுட்டன், அடுத்த கிழமை வெயில் வர எல்லாம் திரும்பி வந்திட்டு! அதுக்குப் பிறகு ஜன்னலை மூடி, ஒரே பல்பைப் பக்கவாட்டில வச்சுத்தான் எடுக்கிறன், மேடு இருந்தா நிழல் விழும்.

படத்தில மேடும் தட்டையும் சரியா பிரிபடாது, அதால அண்டைக்கே கண்ணாடிக்கு முன்னால நிண்டு கழுவின விரலால மெல்லத் தொட்டு எண்ணுங்க. மேடா இருந்தா பரு, தட்டையா கறுத்திருந்தா பழைய தழும்பு, ரெண்டையும் வேற வேறயா எழுதுங்க. என்ட வலது கன்னத்தில தொடங்கேக்க 14 பரு, மூண்டாம் கிழமை 19, நாலாம் கிழமை 15, எட்டாம் கிழமை 9, பன்னிரண்டில 5. தழும்பு மட்டும் 11ல இருந்து 10. கண்ணாடியை மட்டும் பார்த்திருந்தா "ஒண்டும் மாறல்ல" எண்டுதான் சொல்லியிருப்பன், ஏனெண்டா கண்ணுக்குப் படுறது தழும்புதான், அது மங்க மாசக்கணக்காகும், வெயில் பட்டா இன்னும் கூட.

எண்ணிக்கைக்குப் பக்கத்தில பீரியட்ஸ் எப்ப, எத்தின இரவு பூசினது, புதுசா வேற ஏதும் போட்டதா, இவ்வளவும் குறிங்க. பீரியட்ஸுக்கு முந்தின கிழமை பலருக்குப் பரு கூடும், அதால போன கிழமையோட ஒப்பிடாம 0, 4, 8, 12 எண்டு பாருங்க, சுற்று ஏறக்குறைய 28 நாள் எண்டா ஒரே கட்டம் வரும். இந்த மருந்தில முதல் சில கிழமை கூடிட்டுக் குறையுறது வழமை, தீர்ப்பு பன்னிரண்டாம் கிழமையில.

ஆனா தாங்க ஏலாத எரிவு, வீக்கம், தோல் வெடிப்பு எண்டா கிழமை எண்ணிக்கொண்டு இருக்காதீங்க, நிப்பாட்டிட்டு டொக்டரிட்ட போங்க. பிள்ளைத்தாச்சி எண்டா, இல்லாட்டி அதுக்கு யோசிக்கிறீங்க எண்டா, அடாபலீன் தொடவே வேணாம். மற்றது, பேர் தெரியாத வெள்ளையாக்குற கிறீம் ரெண்டே கிழமையில படத்தை மினுக்கிச்செண்டா நம்பாதீங்க, ஸ்டீரொய்ட் கலந்ததும் அப்பிடித்தான் காட்டும், விட்டவுடன முகம் சிவந்து பரு பொங்கும்.

பன்னிரண்டிலயும் எண்ணிக்கை அசையாட்டி 0, 4, 8, 12ஆம் கிழமைப் படங்களையும் கொப்பியையும் ஸ்கின் கிளினிக்குக்கு கொண்டுபோங்க, டொக்டர் முதல்ல கேக்கிறது எத்தின நாள் பூசின எண்டுதான்.